‘உங்கள் முதல் பள்ளி எது?’: பாதுகாப்புக் கேள்விகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடவுச்சொல்லுக்கு மேல் ஒரு கேள்வியும் இருப்பது கூடுதல் பாதுகாப்புத்தானே?

கடவுச்சொல்லைக் கேட்டுவிட்டு அதன் பிறகு இந்தக் கேள்வியையும் கேட்டால் ஓரளவு கூடுதல் பாதுகாப்பு என்று சொல்லலாம். பெரும்பாலும் நடப்பது அதுவல்ல. ‘கடவுச்சொல் மறந்துவிட்டதா?’ என்ற இணைப்பைச் சொடுக்குகிறவரிடம், கடவுச்சொல்லுக்குப் பதிலாகத்தான் இந்தக் கேள்வி வருகிறது. பதில் சரியாக இருந்தால் புதிய கடவுச்சொல் வைத்துக்கொள்ளத் தளம் அனுமதித்துவிடும்.

அதாவது உள்ளே நுழைய இரண்டு வழிகள் இருக்கின்றன. ஏதாவது ஒன்று திறந்தால் போதும். பதினாறு எழுத்தில் எவராலும் ஊகிக்க முடியாத கடவுச்சொல்லை நீங்கள் வைத்திருக்கலாம். மறுபக்கம் ‘பிடித்த நிறம்’ என்ற இடத்தில் ‘நீலம்’ என்று எழுதியிருந்தால், அந்தக் கணக்கின் உண்மையான வலு ‘நீலம்’ அளவுக்குத்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். பிறந்த ஊரை எப்படி மாற்றுவது?

என் பதிலை நான் யாரிடமும் சொன்னதில்லை. அதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

இதற்கு நீதிமன்றப் பதிவு வரை சென்ற ஒரு வழக்கே இருக்கிறது. 2008 செப்டம்பரில், அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளராக நின்ற அலாஸ்கா ஆளுநர் சாரா பேலினின் யாஹூ மின்னஞ்சல் கணக்குக்குள் 20 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் நுழைந்தார். அவர் கணினியில் எந்தக் குறைபாட்டையும் கண்டுபிடிக்கவில்லை. கடவுச்சொல்லைத் திருடவும் இல்லை. ‘மறந்துவிட்டது’ என்ற வழியில் போனார், அவ்வளவுதான்.

யாஹூ மூன்று விஷயங்களைக் கேட்டது. முதலாவது பிறந்த தேதி. அது விக்கிப்பீடியாவிலேயே இருந்தது. இரண்டாவது அஞ்சல் குறியீட்டு எண். பேலினின் ஊரான வாசில்லா சிறிய ஊர், அதற்கு இருந்த குறியீடுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மூன்றாவதுதான் பேலின் தாமே தேர்ந்தெடுத்து வைத்திருந்த பாதுகாப்புக் கேள்வி: கணவரை எங்கே சந்தித்தீர்கள்? இருவரும் பள்ளிப் பருவத்திலேயே பழகியவர்கள் என்பதைச் செய்திகளில் படித்த அந்த மாணவர், பள்ளியின் பெயரைப் பல விதமாக எழுதிப் பார்த்தார். ‘வாசில்லா ஹை’ என்பது பொருந்தியது. தேடலும் முயற்சியும் சேர்த்து முக்கால் மணி நேரம் ஆனதாக அவரே பின்னர் இணையத்தில் எழுதினார். புதிய கடவுச்சொல்லாக `popcorn` என்று வைத்து, அதையும் வெளியிட்டார். 2010இல் அவருக்கு ஓராண்டும் ஒரு நாளும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இந்த வழக்கில் நான் முக்கியமாகக் கருதுவது மூன்றாவது கேள்வியைத்தான். கேட்பதற்கு அந்தரங்கமான கேள்வி அது. பேலினும் அப்படி நினைத்தே தேர்ந்தெடுத்திருப்பார். ஆனால் ஒரு சின்ன ஊரில் ஒன்றாகப் படித்த இருவர் எங்கே சந்தித்திருப்பார்கள் என்பதற்கு எத்தனை பதில்கள்தான் இருக்க முடியும்? அந்தரங்கமான செய்தி என்பதாலேயே அது ஊகிக்க முடியாத செய்தி ஆகிவிடாது.

நான் பிரபலமானவன் இல்லை. என்னைப் பற்றி விக்கிப்பீடியாவில் யாரும் எழுதவில்லையே?

விக்கிப்பீடியாவில் இல்லாவிட்டால் வேறு இடங்களில் இருக்கிறது. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் பகுதி வாரியாக வாக்காளர் பட்டியல் கிடைக்கிறது. உங்கள் பெயருக்கு அருகிலேயே தந்தை அல்லது கணவர் பெயர், வயது, வீட்டு எண் ஆகியவை அச்சாகியிருக்கும். வாட்ஸ்அப்பில் சுற்றும் திருமண அழைப்பிதழ்களை ஒருமுறை வேறு கண்ணோடு பாருங்கள். பெற்றோர், தாத்தா பாட்டி, சொந்த ஊர், படிப்பு, வேலை என்று ஒரு குடும்பத்தின் பாதுகாப்பு விடைகள் அனைத்தும் ஒரே பக்கத்தில் இருக்கும். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியும் அப்படித்தான்.

மேலைநாட்டுத் தளங்கள் விரும்பிக் கேட்கும் ‘தாயாரின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர்’ நமக்குப் பொருந்தாத கேள்வி. பெரும்பாலான தமிழர்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது, தலைப்பெழுத்துத்தான். எனவே அந்த இடத்தில் தாயாரின் பெயரையோ தாய்வழித் தாத்தாவின் பெயரையோ எழுதிவிடுகிறோம். இரண்டும் உறவினர் அனைவருக்கும் தெரிந்தவை.

உறவினர் என்று சொன்னதும் சிலர் சங்கடப்படுவார்கள். ஆனால் கணக்குக்குள் நுழைபவர் எப்போதும் முகம் தெரியாத வெளியாராகத்தான் இருப்பார் என்பதில்லை. பிரிந்த கணவர், சொத்துத் தகராறில் இருக்கும் தம்பி, பழைய கூட்டாளி ஆகியோர் உங்கள் முதல் பள்ளியை இணையத்தில் தேட வேண்டிய அவசியமே இல்லை. 2009இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்களும் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரும் சேர்ந்து இதைச் சோதித்தார்கள். ஒருவர் தம் கடவுச்சொல்லை நம்பித் தர மாட்டேன் என்று சொன்ன அறிமுகக்காரர்களிடமே அவருடைய பாதுகாப்புக் கேள்விகளைக் கொடுத்தபோது, 17 சதவீத விடைகளை அவர்களால் சரியாக ஊகிக்க முடிந்தது.

என்னைப் பற்றி எதுவுமே தெரியாதவரால்கூட ஊகிக்க முடியுமா?

முடியும். பலரும் கவனிக்காமல் விடும் பகுதி இது. குறிப்பிட்ட ஒருவரைக் குறிவைத்தால் தேட வேண்டும். யாராவது கிடைத்தால் போதும் என்றால் தேடவே வேண்டாம். அதிகம் பேர் சொல்லக்கூடிய விடையை எல்லாக் கணக்குகளிலும் ஒருமுறை போட்டுப் பார்த்தால் போதும்.

2015இல் கூகுள் தன் பயனர்கள் கொடுத்திருந்த கோடிக்கணக்கான விடைகளை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டது. ஆங்கிலம் பேசும் பயனர்களிடம் ‘பிடித்த உணவு’ என்ற கேள்விக்கு ஒரே ஒரு ஊகத்தில் வெற்றி பெறும் வாய்ப்பு 19.7 சதவீதம். அந்த ஊகம் ‘பீட்சா’. கொரிய மொழி பேசுபவர்களின் பிறந்த ஊரைப் பத்து ஊகங்களில் 39 சதவீதம் கண்டுபிடித்துவிடலாம். அந்த நாட்டின் மக்கள் சில பெருநகரங்களில் குவிந்திருப்பதே காரணம். அரபு மொழி பேசுபவர்களின் முதல் ஆசிரியர் பெயரைப் பத்து ஊகங்களில் 24 சதவீதம். சில பெயர்கள் எங்கும் நிறைந்திருக்கும் சமூகங்களில் இப்படித்தான் ஆகும்.

‘மூன்று முறை தவறினால் கணக்கு பூட்டப்படும்’ என்ற தடுப்பு இங்கே பெரிதாக உதவாது. ஆயிரம் கணக்குகளில் தலா ஒருமுறை ‘பீட்சா’ என்று எழுதினால், எந்தக் கணக்கிலும் மூன்று தவறுகள் நிகழ்வதில்லை; ஆனால் ஏறக்குறைய இருநூறு கணக்குகள் திறந்துவிடும். நம்மூர்ப் பயனர்களிடம் பிடித்த கிரிக்கெட் வீரர், பிடித்த நடிகர் என்று கேட்டால் என்னென்ன பெயர்கள் வரும் என்பதை நீங்களே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பட்டியல் சீக்கிரம் முடிந்துவிடும்.

அப்படியானால் கடினமான கேள்வியாகத் தேர்ந்தெடுக்கலாமே? அல்லது இரண்டு கேள்விகள் வைக்கலாமே?

ஊகிக்கக் கடினமான கேள்வி உரியவருக்கும் கடினமாகிவிடுகிறது. அதே கூகுள் ஆய்வில், ‘நூலக அட்டை எண்’ என்ற கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்ல முடிந்தவர்கள் 22 சதவீதம்தான். விமானப் பயணிகளுக்கான உறுப்பினர் எண்ணைக் கேட்டபோது 9 சதவீதம். இரண்டு எளிய கேள்விகளைச் சேர்த்துக் கேட்டாலும் நிலைமை சரிப்படவில்லை. பிறந்த ஊர், தந்தையின் நடுப்பெயர் இரண்டையும் பத்து ஊகங்களில் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 1 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் இரண்டையும் சரியாக நினைவில் வைத்திருந்த உரியவர்கள் 59 சதவீதம் மட்டுமே. மற்ற 41 சதவீதம் பேர் சொந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறார்கள்.

‘சொந்த ஊர் எப்படி மறக்கும்?’ என்று தோன்றலாம். ஊர் மறக்காது, எழுத்துக்கூட்டல் மறந்துவிடும். தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதும் நமக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம். ஆறு ஆண்டுகளுக்கு முன் நீங்கள் எழுதியது `Thanjavur` ஆ, `Tanjavur` ஆ, `Tanjore` ஆ? முதல் ஆசிரியரின் பெயர் `Lakshmi` ஆ, `Letchumi` ஆ? முன்னால் `Miss` என்று சேர்த்தீர்களா? கணினி ஓர் எழுத்து மாறினாலும் தவறு என்றுதான் சொல்லும். தாக்குபவரோ பொறுமையாக எல்லா வடிவங்களையும் போட்டுப் பார்ப்பார்.

நான் எப்போதும் பொய்யான பதில்தான் கொடுக்கிறேன். அது போதாதா?

எண்ணம் சரி, செய்யும் விதம்தான் பெரும்பாலும் தவறிவிடுகிறது. கூகுள் கேட்டபோது, 37 சதவீதம் பேர் வேண்டுமென்றே பொய் விடை கொடுத்ததாக ஒப்புக்கொண்டார்கள். அவர்களால் மொத்த நிலைமை மோசமாகத்தான் ஆனது. காரணம், மனிதர்கள் பொய் சொல்லும்போதும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். தொலைபேசி எண்ணைக் கேட்டால் `1234567890`, ஊரைக் கேட்டால் பெருநகரம் ஒன்றின் பெயர். உண்மையைச் சொல்லியிருந்தால் சிதறியிருக்கும் விடைகள் பொய்யால் ஓரிடத்தில் குவிந்துவிட்டன.

பொய் நீங்கள் யோசித்ததாக இருக்கக் கூடாது. எந்தத் தொடர்பும் இல்லாமல் கணினி குலுக்கிப் போட்டுத் தந்ததாக இருக்க வேண்டும். எங்கே எழுதிவைத்தோம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

எனக்கு வேறு வழியில்லை; தளம் மூன்று கேள்விகளுக்குப் பதில் கேட்கிறது, தவிர்க்க முடியவில்லை. சரியாக என்ன எழுதுவது?

அந்த மூன்று பெட்டிகளையும் மூன்று கூடுதல் கடவுச்சொற்களாக நினைத்துக்கொள்ளுங்கள். கேள்வி என்ன கேட்கிறது என்பதைப் பொருட்படுத்த வேண்டாம்.

பிட்வார்டன், கீபாஸ்எக்ஸ்சி போன்ற கடவுச்சொல் மேலாளர் செயலிகளில், எழுத்துக் குவியலுக்குப் பதிலாகச் சொற்களைக் குலுக்கிக் கோத்துத் தரும் வசதி இருக்கிறது. நான்கு சொற்கள் கேளுங்கள். விடை இந்த மாதிரி வரும்:

```
முதல் பள்ளி?      lantern-gravel-otter-mint
பிறந்த ஊர்?       cobalt-fiddle-ramp-sunday
பிடித்த உணவு?     harbor-tulip-ninety-clay
```

இவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்காவது அச்சான எதுவும் விடையாகத் தகுதி இழந்துவிடுகிறது. உங்களுக்கு வந்த மூன்றையும், எந்தக் கேள்விக்கு எது என்று, கடவுச்சொல் மேலாளரில் அந்தத் தளத்துக்கான பதிவின் குறிப்புப் பகுதியில் உடனே ஒட்டிவிடுங்கள். இன்னொரு தளம் இதே கேள்வியைக் கேட்டால் வேறு விடை. தளம் இடைக்கோட்டை ஏற்காவிட்டால் எடுத்துவிடுங்கள். நீளத்துக்கு வரம்பு இருந்தால், அந்த வரம்பில் வெட்டுப்பட்ட பிறகு மிஞ்சுவதையே குறித்துவையுங்கள். சேமித்த விடை அமைதியாக வெட்டப்பட்டு, முழு விடை பிறகு ஏற்கப்படாமல் போவது நடக்கக்கூடியதுதான்.

`xK9#vq2L` போன்ற குவியலை விட்டுச் சொற்களைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் உண்டு. இந்தக் கேள்விகளைத் திரை மட்டும் கேட்பதில்லை. வாடிக்கையாளர் சேவை ஊழியரும் தொலைபேசியில் கேட்கிறார். உங்களைப் போல நடித்து அழைப்பவர், “ஐயோ, அப்போது ஏதோ எழுத்துகளைக் கன்னாபின்னாவென்று தட்டிவைத்தேன்” என்று சொன்னால், திரையில் உண்மையிலேயே அப்படி ஒரு குவியலைப் பார்க்கும் ஊழியர் நம்பிவிடக்கூடும். நான்கு சொற்கள் இருந்தால் அந்தச் சாக்கு எடுபடாது. நீங்கள் அழைக்கும்போது வாய்விட்டுச் சொல்லவும் எளிது.

நான் கவனமாக இருந்தும் தளத்திலிருந்தே விடைகள் திருடுபோனால்?

யாஹூவில் அதுவும் நடந்தது. 2013இல் நடந்த தகவல் திருட்டை அந்த நிறுவனம் 2016இல்தான் அறிவித்தது. அப்போதிருந்த 300 கோடிக் கணக்குகளும் பாதிக்கப்பட்டன என்று 2017இல் ஒப்புக்கொண்டது. திருடுபோனவற்றில் பாதுகாப்புக் கேள்விகளும் விடைகளும் இருந்தன. அவற்றில் சில மறையாக்கம்கூடச் செய்யப்படாதவை.

கடவுச்சொற்களைப் போலவே விடைகளையும் திரும்பப் பெற முடியாத குறியீடாக மாற்றிச் சேமித்தால் தீர்ந்துவிடாதா என்று கேட்கலாம். உண்மையான விடைகளுக்கு அது பெரிதாக உதவாது. இந்திய ஊர்ப் பெயர்கள் அனைத்தையும் வரிசையாக அதே குறியீடாக மாற்றி ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு சாதாரணக் கணினிக்கு மிகச் சிறிய வேலை. போதாதற்கு, தொலைபேசியில் ஒப்பிட வேண்டியிருப்பதால் ஊழியர் படிக்கும்படியே விடைகளைச் சேமிக்கும் தளங்களும் உண்டு. ஒரு தளத்தில் கசிந்த உங்கள் முதல் பள்ளி, அதே கேள்வியைக் கேட்கும் எல்லாத் தளங்களிலும் கசிந்ததுதான். தளத்துக்குத் தளம் வேறு வேறு குலுக்கல் விடைகளை வைத்தவருக்கு இழப்பு அந்த ஒரு தளத்தோடு நிற்கும்.

இவற்றுக்குப் பதிலாக எதைப் பயன்படுத்துவது?

பாதுகாப்புக் கேள்வி இருப்பது ஒரே வேலைக்காகத்தான்: உள்ளே நுழைய முடியாமல் நிற்கும் உரியவரை மறுபடி உள்ளே விடுவது. ஆகவே அதற்கு உண்மையான மாற்று மீட்புக் குறியீடுகள்தான். பலரும் இவற்றைப் பார்க்காமலே கடந்துவிடுகிறார்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம். கூகுள் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு `Backup codes` என்ற இடத்துக்குப் போனால், கடவுச்சொல்லுக்குப் பிறகு போனுக்குப் பதிலாகக் கொடுக்க, எட்டு இலக்கமுள்ள பத்துக் குறியீடுகள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் ஒரே ஒருமுறைதான் பயன்படுத்தலாம். புதிய தொகுப்பை உருவாக்கினால் பழையது செல்லாது. அச்சிட்டோ கையால் எழுதியோ வீட்டில் பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள். தாள் என்பதால் தயங்க வேண்டாம். இணையம் வழியாக வருபவரால் உங்கள் பீரோவைத் திறக்க முடியாது. போனில் படம் பிடித்து வைப்பது மட்டும் பயனற்றது. போன் தொலையும் நாளில்தான் இந்தக் குறியீடு தேவைப்படும்.

அடுத்தது மீட்பு மின்னஞ்சல். அது நீங்கள் இப்போதும் திறக்கும் முகவரியாக இருக்க வேண்டும். கல்லூரிக் காலத்தில் தொடங்கிக் கைவிட்ட முகவரியையே பலர் இன்னும் அங்கே வைத்திருக்கிறார்கள். அந்தப் பழைய கணக்கு ஒரு பாதுகாப்புக் கேள்வியால் திறக்கக்கூடியதாக இருந்தால், புதிய கணக்கின் மீட்புக் கடிதமும் அங்கேதான் போய்ச் சேரும். 2013இல் யாஹூ, நீண்ட நாள் பயன்படுத்தாத முகவரிகளை வேறு நபர்களுக்குக் கொடுக்கவும் செய்தது.

தினசரி நுழைவுக்கு, தளம் அனுமதித்தால் பாஸ்கீ வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் போனிலோ கணினியிலோ ஒரு ரகசியச் சாவி உருவாகும். கைரேகையோ திரைப்பூட்டோ கொடுத்தால் அது தளத்துக்கு ஒரு கையொப்பம் அனுப்பும். நினைவில் வைக்க எதுவும் இல்லை, ஊகிக்கவும் எதுவும் இல்லை. எந்தத் தள முகவரிக்காக உருவானதோ அங்கே மட்டும்தான் வேலை செய்யும் என்பதால், போலிப் பக்கத்தில் ஏமாந்து கொடுத்துவிடவும் முடியாது. பாஸ்கீ இல்லாத தளங்களில், 30 நொடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண்ணைக் காட்டும் சரிபார்ப்புச் செயலி போதும். அந்த எண்ணைப் போலிப் பக்கத்தில் நீங்களே எழுதிக் கொடுத்துவிட முடியும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

மொபைலுக்கு ஓ.டி.பி. வருகிறதே, அது போதாதா?

பாதுகாப்புக் கேள்வியைவிட நிச்சயம் மேல். கூகுள் ஆய்வில் குறுஞ்செய்தி வழியாகக் கணக்கை மீட்க முயன்றவர்களில் 80 சதவீதத்துக்கும் மேல் வெற்றி பெற்றார்கள். பலவீனம் எண்ணின் உரிமையில் இருக்கிறது. உங்கள் பெயரில் மாற்று சிம் வாங்கிவிடுபவருக்கு ஓ.டி.பி.யும் போய்விடும். போனில் காரணமே இல்லாமல் சிக்னல் மறைந்து, பக்கத்தில் இருப்பவரின் அதே நிறுவன சிம் வேலை செய்துகொண்டிருந்தால், உடனே வேறொரு போனிலிருந்து நிறுவனத்தை அழையுங்கள்.

ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய எண்ணையும் மறந்துவிடாதீர்கள். இந்தியாவில் நிறுத்தப்பட்ட எண், 90 நாட்கள் கழிந்த பிறகு வேறொருவருக்கு வழங்கப்படலாம். அதற்குள் எல்லாக் கணக்குகளிலிருந்தும் அதை நீக்கிவிட வேண்டும்.

என் அம்மாவுக்குச் செயலிகள் பழக்கமில்லை. அவருக்கு என்ன செய்வது?

ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் போதும். கணக்கின் பெயர், கடவுச்சொல், மீட்புக் குறியீடுகள், கேள்விகளுக்குக் கொடுத்த பொய் விடைகள் ஆகியவற்றை எழுதி வீட்டுக்குள் வைக்கட்டும். அவருடைய மின்னஞ்சலுக்கு உங்கள் முகவரியை மீட்பு முகவரியாக்குங்கள், அவர் சம்மதித்தால். முகநூலில் ‘உங்கள் முதல் ஆசிரியர் பெயரைச் சொல்லுங்கள், பார்க்கலாம்’ என்று வரும் பதிவுகளுக்குக் கீழே ஆயிரக்கணக்கானவர்கள் பதில் எழுதியிருப்பதை அவருக்குக் காட்டி, அந்தப் பதில்களை வேறு யார் படிப்பார்கள் என்று விளக்குங்கள்.

நான் ஒரு சிறிய இணையதளம் நடத்துகிறேன். பாதுகாப்புக் கேள்விகளை எடுத்துவிட்டு என்ன வைப்பது?

அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட், 2017இல் வெளியிட்ட அடையாளச் சரிபார்ப்பு விதிகளில், ‘உங்கள் முதல் செல்லப்பிராணியின் பெயர்’ போன்ற கேள்விகளைக் கேட்கக் கூடாது என்றே எழுதிவிட்டது. யாராவது எதிர்த்தால் அதைக் காட்டலாம்.

பதிலாக, பதிவு செய்த மின்னஞ்சலுக்கு ஒருமுறை மட்டும் செல்லும் இணைப்பை அனுப்புங்கள். அதிலுள்ள குறியீடு குறைந்தது 128 பிட் அளவுக்குக் குலுக்கப்பட்டதாக இருக்கட்டும். பைத்தானில் இது இரண்டே வரி:

```
import secrets
token = secrets.token_urlsafe(32)
```

தரவுத்தளத்தில் குறியீட்டை அப்படியே வைக்காமல் அதன் ஹாஷை மட்டும் வையுங்கள். அரை மணி நேரத்தில் காலாவதியாக்குங்கள். அந்த மின்னஞ்சல் உங்களிடம் பதிவாகியிருந்தாலும் இல்லாவிட்டாலும் திரையில் ஒரே செய்தியைக் காட்டுங்கள். இல்லையேல் யார் யாருக்குக் கணக்கு இருக்கிறது என்பதை அந்தப் பக்கமே சொல்லிக் கொடுத்துவிடும். கடவுச்சொல் மாறியதும் பழைய நுழைவுகள் அனைத்தையும் துண்டித்து, உரியவருக்கு ஒரு அறிவிப்பு அனுப்புங்கள்.

பிறகு, ஏற்கெனவே சேர்த்துவைத்த விடைகளைத் தரவுத்தளத்திலிருந்து அழித்துவிடுங்கள், காப்புப் பிரதிகளிலிருந்தும். கேள்வியைத் திரையிலிருந்து எடுத்துவிட்டு விடைகளை அப்படியே விட்டுவைத்திருந்தால், திருடுபோகும் நாளில் அவை உங்கள் பயனர்களின் மற்ற கணக்குகளைத் திறக்கும்.